இடைவெளியில்லாத கிரேக்கம்: ஒரு வரியைப் படித்துப் பார்ப்போம்

லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் அலெக்சாந்திரினுஸ் என்றொரு தோல் சுவடி இருக்கிறது. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க பைபிள். கான்ஸ்டான்டினோபிளின் மறைமுதல்வராக இருந்த சிரில் லூக்காரிஸ் இங்கிலாந்து அரசருக்கு அன்பளிப்பாக அனுப்பியது. 1627இல் முதலாம் சார்ல்ஸ் கைக்கு வந்து சேர்ந்தது. அதில் ஒரு பக்கத்தில், இரண்டே எழுத்து கொண்ட ஒரு சொல்லைச் சுற்றி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அறிஞர்கள் வாதாடியிருக்கிறார்கள். பலர் விரல் வைத்துக் காட்டிக் காட்டியே அந்த இடம் தேய்ந்துபோனதாக 19ஆம் நூற்றாண்டில் எழுதினார்கள். கேள்வி இதுதான்: அங்கே எழுதியிருப்பது ‘கடவுள்’ என்ற சொல்லா, ‘எவர்’ என்ற சொல்லா?

இவ்வளவு தூரத்தில் இருக்கும் இரண்டு சொற்கள் எப்படி ஒன்றோடொன்று குழம்பும் என்று தோன்றலாம். அந்தக் கால எழுத்துமுறையில் அவற்றுக்கு இடையே இருந்த வேறுபாடு இரண்டு சிறு கோடுகள்தான். அந்த வரி திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தில், 3ஆம் அதிகாரம் 16ஆம் வசனம். பழைய கிரேக்கச் சுவடியைப் படிப்பதில் உள்ள இரண்டு பெரிய சிக்கல்களும் இந்த ஒரு வசனத்துக்குள்ளேயே இருக்கின்றன. அதனால் சுவடியைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பதுபோல, எழுத்தெழுத்தாக இதைப் படித்துப் பார்ப்போம்.

முதலில் எழுத்தின் தோற்றம். 4, 5ஆம் நூற்றாண்டுச் சுவடிகள் எல்லாவற்றையும் பெரிய எழுத்திலேயே எழுதின. எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே நிற்கும். கையெழுத்து பெரும்பாலும் அச்சுபோல் ஒழுங்காக இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி மட்டும் கிடையாது. காற்புள்ளியும் கேள்விக்குறியும் இல்லை. எங்கோ ஒரு புள்ளி, எங்கோ சற்று வெற்றிடம், அவ்வளவுதான். வரி முடிந்து அடுத்த வரிக்குத் தாண்டும்போது சொல் பாதியில் முறியும். முறிந்ததைக் காட்டச் சிறு கோடும் போடமாட்டார்கள். நம் ஓலைச்சுவடிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. அங்கும் இடைவெளி இல்லை, பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இல்லை. ‘பலகைகள்’ என்று ஓர் ஓலையில் இருந்தால் அது மரப்பலகைகளா, பல கைகளா என்பதை முன்னும் பின்னும் உள்ளவை சொல்ல வேண்டும்.

நம் வசனத்தின் தொடக்கத்தைத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்தால் சுவடியில் இருப்பது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

கய்ஒமொலொகூமெனோஸ்மெகாஎஸ்தின்தொதேஸ்எவ்செபெயாஸ்முஸ்தேரியொன்ஒஸ்எஃபனெரோதேஎன்சர்கி

கண்ணால் பார்த்தால் திணறல். வாய்விட்டுப் படித்தால் அவிழத் தொடங்குகிறது. அந்தக் காலத்து வாசகர் செய்ததும் அதைத்தான்: எழுத்தைக் கூட்டி அசையாக்கி, அசையை ஒலித்து, காதில் விழும்போது சொல்லை அடையாளம் கண்டார். மக்கள் முன் வாசிப்பவர் பனுவலை முன்கூட்டியே ஒருமுறை பயின்றுவிட்டுத்தான் வந்திருப்பார். நாமும் அதே வழியில் போகலாம். ஆனால் கிரேக்கம் நமக்குத் தாய்மொழி இல்லை. எனவே காதுக்குத் துணையாக ஒரு விதி வேண்டும்.

அப்படி ஒரு விதி இருக்கிறது. கிரேக்கச் சுவடியைத் தொடும் எவரும் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது. சொந்தக் கிரேக்கச் சொல் உயிரெழுத்தில் முடியும். மெய்யில் முடிந்தால் அது நியூ, ரோ, சிக்மா, அதாவது ன், ர், ஸ் ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். க்ஸ், ப்ஸ் என்று ஒலிக்கும் இரண்டு கூட்டெழுத்துகளும் உள்ளே ஸ் வைத்திருப்பவைதான். ‘எக்’, ‘ஊக்’ போல ஓரிரு குட்டிச் சொற்களே விலக்கு. அப்படியானால் ஒரு ப், த், ம், ல் வந்த இடத்தில் சொல்லை வெட்ட முடியாது. வெட்டக்கூடிய இடங்கள் சட்டென்று குறைந்துவிடுகின்றன. விதிக்குள் அடங்காதவை ஆபிரகாம், தாவீது, இஸ்ரயேல் போன்ற எபிரேயப் பெயர்கள். இவற்றின் கடைசியில் ஒரு சிறு மேற்புள்ளிக் கொக்கி போட்டு ‘இது இங்கே முடிகிறது’ என்று காட்டிய எழுத்தர்களும் உண்டு.

இப்போது வரிக்கு வருவோம். முதலில் ‘கய்’. ‘மேலும்’ என்று பொருள். கிரேக்கத்தில் மிக அதிகமாக வரும் சொல். ஒரு பக்கத்தில் பல முறை தென்படும். இதுபோன்ற இருபது முப்பது சிறு சொற்களைக் கண் பழகிக்கொண்டால் அவை பக்கம் முழுக்க நட்ட கல்லாக நின்று எல்லை காட்டும்.

அடுத்து ‘ஒமொலொகூமெனோஸ்’. கடைசியில் ஸ் இருக்கிறது, வெட்டலாம். ‘எல்லாரும் ஒப்புக்கொள்கிறபடி, ஐயமில்லாமல்’ என்று பொருள் தரும் வினையடை. ஆனால் அவசரப்படக்கூடாது. ஸ்ஸுக்கு முன்னால் ஒரு ன் இருக்கிறது. அங்கும் வெட்டலாம் என்று விதி அனுமதிக்கிறது. வெட்டினால் ‘ஒமொலொகூமென்’ என்று ஒரு முழுச் சொல் கிடைக்கிறது: ‘நாம் அறிக்கையிடுகிறோம்’. மிச்சமிருக்கும் ‘ஓஸ்’ஸும் ஒரு முழுச் சொல்: ‘எவ்வளவு, எப்படி’. ஆக ‘ஐயமில்லாமல் பெரியது’ என்ற தொடர், ஓர் எழுத்தும் மாறாமல், ‘எவ்வளவு பெரியது என்று நாம் அறிக்கையிடுகிறோம்’ என்றாகிவிடுகிறது. இது வெறும் விளையாட்டு இல்லை. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிளாரமோந்தானுஸ் என்ற சுவடி இப்படிப் பிரித்துப் படித்ததாக ஆய்வுப் பதிப்புகள் அடிக்குறிப்பில் காட்டுகின்றன.

இரண்டில் எது சரி? இலக்கணம் இரண்டையும் விடுகிறது. அந்த வினையடை கிரேக்க உரைநடையில் ‘ஐயத்துக்கு இடமின்றி’ என்ற பொருளில் நன்றாகப் புழங்கிய சொல் என்பதால் பெரும்பாலோர் ஒரே சொல்லாகவே எடுக்கிறார்கள். நல்லவேளையாக, எப்படி வெட்டினாலும் சொல்ல வந்த பொருள் அதிகம் மாறுவதில்லை. இடைவெளியில்லாத எழுத்தால் எழும் ஐயங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வகைதான் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பழங்காலப் பனுவல் முழுவதும் எப்படி வேண்டுமானாலும் பிரிக்கக்கூடிய புதிர் என்று சிலர் பேசுவது உண்மையில்லை. அடுத்தடுத்த சொற்களின் விகுதிகள் ஒன்றையொன்று கட்டிப்போடுகின்றன. ஓரிடத்தில் தவறாக வெட்டினால் இரண்டு மூன்று சொல் தாண்டுவதற்குள் ஏதோ ஒரு துண்டு பொருளில்லாமல் எஞ்சி நின்று நம்மைத் திரும்ப அழைத்துவிடும்.

இந்த வரியிலேயே அதைச் சோதிக்கலாம். ‘மெகா’, பெரியது. ‘எஸ்தின்’, இருக்கிறது. பின்னால் ‘தொதேஸ்’ என்று கேட்கிறது. அப்படி ஒரு சொல் இங்கே பொருந்தாது. ‘தொ’, ‘தேஸ்’ என்று இரண்டு சுட்டுச்சொற்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று நடுப்பால் பெயருக்கு, மற்றொன்று பெண்பால் பெயருக்கு. எனவே வாசகர் இப்போது இரண்டு பெயர்ச்சொற்களை எதிர்பார்க்கத் தொடங்குகிறார். ‘எவ்செபெயாஸ்’, பக்தியினுடைய, பெண்பால் வந்துவிட்டது. ‘முஸ்தேரியொன்’, மறைபொருள், நடுப்பாலும் வந்துவிட்டது. கணக்கு தீர்ந்தது. ‘முஸ்தேரியொ’ என்று ன்னுக்கு முன்னால் வெட்டிப் பார்த்தால், மீதி ‘னொஸ்’ என்று ஒன்றுக்கும் உதவாமல் கிடக்கும். எனவே வெட்டு ன்னுக்குப் பின்னால்தான். அதையடுத்து இரண்டே எழுத்து: ஒமிக்ரான், சிக்மா. ‘ஒஸ்’. ‘எவர்’ என்ற பொருளில் வரும் ஆண்பால் இணைப்புச் சொல்.

அதற்குப் பிறகு வருவது காதுக்கு விருந்து. எஃபனெரோதே, எதிகயோதே, ஓஃப்தே, எகேருக்தே, எபிஸ்தெவ்தே, அனெலேம்ஃப்தே. வெளிப்படுத்தப்பட்டார், நீதியுள்ளவர் என நிறுவப்பட்டார், காணப்பட்டார், அறிவிக்கப்பட்டார், நம்பப்பட்டார், மேலே எடுத்துக்கொள்ளப்பட்டார். ஆறு வினைகள், ஆறும் ‘தே’ என்று முடிகின்றன. ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் அடுத்து ‘என்’ என்ற குட்டிச் சொல் வருகிறது. ஒரு பழைய கீதத்தின் பகுதி இது என்று அறிஞர்கள் கருதுவதற்கு இந்த ஒலியமைப்பே முதல் காரணம். இடைவெளி இல்லாமல் எழுதியிருந்தாலும் ‘தே’ வந்ததும் மூச்சு நிற்கிறது. வாய்விட்டுப் படிக்கிறவருக்கு இங்கே யாரும் சொல் பிரித்துக் கொடுக்கத் தேவையில்லை.

சொல் பிரிப்பு முடிந்தது. இனிதான் பெரிய சிக்கல்: புனிதப் பெயர்ச் சுருக்கம். ‘நோமினா சாக்ரா’ என்ற இலத்தீன் பெயரில் இது அறியப்படுகிறது. லுத்விக் திராவுபே என்ற ஜெர்மானிய அறிஞர் 1907இல் வந்த நூலில் இந்தப் பெயரை நிலைநாட்டினார். கிறித்தவ எழுத்தர்கள் சில சொற்களை மட்டும் முழுதாக எழுதாமல், முதலெழுத்தையும் கடைசி எழுத்தையும் வைத்துக்கொண்டு நடுவை விட்டுவிடுவார்கள். மேலே ஒரு கிடைக்கோடு இழுப்பார்கள். ‘தெயோஸ்’, கடவுள் என்பது தீட்டா, சிக்மா என்று சுருங்கும். ‘குரியோஸ்’, ஆண்டவர் என்பது கப்பா, சிக்மா. இயேசு, கிறிஸ்து இரண்டும் அப்படியே. இந்த நான்கும் மிகப் பழையவை, ஏறத்தாழ கி.பி. 200 அளவிலான பப்பிரஸ் ஏடுகளிலேயே நிலைபெற்றுவிட்டன. பிற்பாடு ஆவி, தந்தை, மகன், மனிதன், தாய், மீட்பர், சிலுவை, வானம், தாவீது, இஸ்ரயேல், எருசலேம் என்று பட்டியல் ஏறத்தாழ பதினைந்து சொற்களுக்கு விரிந்தது. எல்லாச் சுவடியும் எல்லாவற்றையும் சுருக்குவதில்லை. வத்திக்கான் சுவடி சில சொற்களோடு நிறுத்திக்கொள்கிறது.

இடத்தை மிச்சப்படுத்தச் செய்தது என்றுதான் முதலில் எல்லாருக்கும் தோன்றும். அது பொருந்தாது. விரலகலம் கணக்கில் ஓரம் விட்டு, பெரிய எழுத்தில், தோலைத் தாராளமாகச் செலவழித்து எழுதியவர்களும் இந்தச் சொற்களைச் சுருக்கினார்கள். பக்கம் பக்கமாக வரும் நீளமான சாதாரணச் சொற்களை முழுதாகவே எழுதினார்கள். அந்தக் காலத்துக் கணக்கு ஏடுகளிலும் பத்திரங்களிலும் சுருக்கம் உண்டு; ஆனால் அங்கே வழக்கம் சொல்லின் தலையை எழுதி வாலை வெட்டுவது. இங்கே தலையும் வாலும் இருக்க, நடு போகிறது. இதை ஒரு மரியாதைக் குறியாக, கண் படும்போதே ‘இது வேறு வகைச் சொல்’ என்று நிறுத்தும் அடையாளமாகக் கொள்வதுதான் பொருத்தமானது என்பது என் எண்ணம்.

வாலை விடாமல் வைத்திருப்பதில் ஒரு பெரிய நன்மையும் இருக்கிறது. கிரேக்கத்தில், தமிழில்போலவே, வேற்றுமையைக் காட்டுவது சொல்லின் கடைசிப் பகுதி. தீட்டா சிக்மா என்றால் கடவுள். தீட்டா உப்சிலான் என்றால் கடவுளின். தீட்டா ஒமேகா, கடவுளுக்கு. தீட்டா நியூ, கடவுளை. இரண்டு எழுத்துக்குள் சொல்லும் இருக்கிறது, உருபும் இருக்கிறது. எனவே படிக்கும் முறை எளிது: மேற்கோடு தென்பட்டதும் நிற்க வேண்டும்; முதலெழுத்தைக் கொண்டு எந்தச் சொல் என்று அறிய வேண்டும்; கடைசி எழுத்தைக் கொண்டு எந்த வேற்றுமை என்று அறிந்து, முழுச் சொல்லாக வாயால் சொல்ல வேண்டும். நம் வசனத்திலேயே இரண்டாவது வினைக்குப் பின் ‘என்’ என்றும், அடுத்து பை, நியூ, ஐயோட்டா மேலே கோட்டுடனும் வருகிறது. முழுச் சொல் ‘ப்னெவ்மதி’, ‘ஆவியில்’.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்கள் மூன்று. எண்களையும் கிரேக்கர் எழுத்தாலேயே எழுதி மேலே கோடு போட்டார்கள். கோடு இருப்பதெல்லாம் புனிதப் பெயர் இல்லை. வரிக் கடைசியில் இடம் போதாமல் ன்னை விட்டுவிட்டு அதற்குப் பதிலாக ஒரு கோடு இழுப்பதும் வழக்கம். ஆனால் அந்தக் கோடு கடைசி எழுத்தை ஒட்டி ஓரத்துப் பக்கம் சாய்ந்து நிற்கும், சொல் முழுவதையும் மூடாது. மூன்றாவதாக, கோடு இருப்பதால் அங்கே எப்போதும் கடவுளைப் பற்றித்தான் பேச்சு என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. மோசேக்குப் பின் வந்த யோசுவாவுக்கும் கிரேக்கத்தில் இயேசு என்ற அதே பெயர்தான். எழுத்தர் அதையும் சுருக்கிவிடுவார். தீய ஆவியையும் ‘ஆவி’ என்ற பழக்கத்தில் கோடு போட்டு எழுதியவர்கள் உண்டு.

இப்போது அந்த இரண்டு எழுத்துக்குத் திரும்புவோம். அந்தக் காலத்து ஒமிக்ரான் ஒரு வெறும் வட்டம். தீட்டா அதே வட்டம், நடுவே ஒரு கிடைக்கோட்டுடன். சிக்மா பிறைபோல் வளைந்த எழுத்து, இரண்டு சொல்லிலும் ஒன்றே. ஆக ‘எவர்’ என்ற ‘ஒஸ்’ஸை எடுத்து, வட்டத்துக்குள் ஒரு கோடும், இரண்டு எழுத்துக்கும் மேலே ஒரு கோடும் இழுத்தால் அது ‘கடவுள்’ ஆகிவிடும். ‘எவர் உடலில் வெளிப்படுத்தப்பட்டாரோ’ என்ற வரி, ‘கடவுள் உடலில் வெளிப்படுத்தப்பட்டார்’ என்றாகிவிடும். கிறிஸ்துவின் இறைத்தன்மை பற்றிய வாதங்களில் இந்த வசனம் ஒரு முதன்மைச் சான்றாக வைக்கப்பட்டது. அதனால்தான் அந்தக் கோடுகளை இவ்வளவு பேர் குனிந்து பார்த்தார்கள். ஐசக் நியூட்டன்கூட 1690இல் ஜான் லாக்குக்கு எழுதியனுப்பிய நீண்ட ஆய்வில், மாற்றப்பட்டதாகத் தாம் கருதிய இரண்டு வசனங்களுள் இதை ஒன்றாக வைத்தார். அவர் காலத்தில் அது அச்சேறவில்லை, 1754இல்தான் வந்தது.

அலெக்சாந்திரினுஸ் சுவடியில் இரண்டு கோடும் இருந்தன. அப்படியானால் அது ‘கடவுள்’ தானே? பாசல் நகரத்து அறிஞர் யோகான் யாக்கோப் வெட்ஸ்டைன் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் வந்து அதைப் பார்த்தார். கோடுகளின் மை சுற்றியுள்ள எழுத்தின் மையோடு ஒத்துப்போகவில்லை. பழைய மை பழுப்பேறிப் போயிருக்க, கோடுகள் கருமையாக நின்றன. பிற்காலக் கை ஒன்று அவற்றைச் சேர்த்திருக்கிறது என்பது இதனால் தெரிந்தது. ஆனால் எதிர்த்தரப்பிலும் ஒரு நியாயமான விடை இருந்தது: மங்கிப்போன பழைய கோட்டின் மேல்தான் யாரோ புது மை ஓட்டினார்கள்; கருமைக்கு அடியில் மெல்லிய கோடு ஒன்று தெரிகிறதே. வெட்ஸ்டைன் தோலை வேறு கோணத்தில் வைத்துப் பார்த்தார். அந்தச் சுவடியின் தோல் மெல்லியது. பின்பக்கத்து மை முன்பக்கம் தெரியும். வட்டத்தின் உள்ளே தெரிந்த மெல்லிய கோடு, பின்பக்கத்தில் அதே இடத்தில் எழுதியிருந்த ஓர் எப்சிலானின் நடுக்கோடு என்றார் அவர். தோல் படிந்து கிடக்கும்போது கோடு வட்டத்துக்குள் விழுகிறது. தோல் அசையும்போது அது இடம் மாறித் தெரிகிறது.

இது எல்லாரையும் நம்பவைக்கவில்லை. வெட்ஸ்டைன் மேல் பாசலில் சமயக் கோட்பாட்டுக் குற்றச்சாட்டு எழுந்து, 1730இல் பதவியை இழந்தார். அவர் 1751-52இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட கிரேக்கப் பதிப்புதான், பெரிய எழுத்துச் சுவடிகளை ஏ, பி, சி என்று எழுத்தால் குறிக்கும் இன்றைய வழக்கத்துக்குத் தொடக்கம். அதில் ‘ஏ’ இந்த அலெக்சாந்திரினுஸ்தான். நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து 1883இல்கூட ஜான் பர்கன் என்ற ஆங்கிலத் திருச்சபை அறிஞர் ‘கடவுள்’ என்ற பாடத்துக்காகப் பக்கம் பக்கமாக வாதாடினார். அதற்குள் அந்த இடம் மேலும் மங்கிவிட்டது. ஒரே ஒரு தோலை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அதற்கு மேல் போக முடியாது. இது சுவடியியலின் உண்மையான எல்லை.

முடிவு வேறு சுவடிகளிலிருந்து வந்தது. பாரிஸில் உள்ள எஃப்ரெமி என்ற 5ஆம் நூற்றாண்டுச் சுவடியின் எழுத்தை 12ஆம் நூற்றாண்டில் சுரண்டிவிட்டு, மேலே எஃப்ரேம் என்ற சிரியப் புனிதரின் நூல்களை எழுதியிருந்தார்கள். அடியிலிருந்த பழைய எழுத்தைக் கான்ஸ்டான்டின் டிஷண்டார்ஃப் 1840களில் படித்து வெளியிட்டார். அங்கும் முதல் கை எழுதியது ‘ஒஸ்’. ‘கடவுள்’ ஆக்கியது திருத்தியவரின் கை. அதே டிஷண்டார்ஃப் சீனாய் மலையடிவாரத்துப் புனித கேத்தரீன் மடத்தில் கண்டு உலகுக்கு அறிவித்த சினாயித்திக்குஸ் சுவடி 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் சண்டைக்கே இடமில்லை: ஒமிக்ரான், சிக்மா, உள்ளே கோடு இல்லை, மேலே கோடு இல்லை. பல நூற்றாண்டு கழித்து, ஏறத்தாழ 12ஆம் நூற்றாண்டில், ஒருவர் வரிக்கு மேலே சிறிய எழுத்தில் தீட்டாவும் எப்சிலானும் எழுதி, கீழே உள்ள ‘ஒஸ்’ஸோடு சேர்த்து ‘தெயோஸ்’ என்று படிக்கும்படி செய்திருக்கிறார். அவர் பழைய எழுத்தை அழிக்கவில்லை என்பதற்காக நான் அவருக்கு நன்றி சொல்வேன். இரண்டும் இன்று நம் கண் முன்னால் இருக்கின்றன.

ஒரு கேள்வி பாக்கி. கோடு சேர்ந்து ‘எவர்’ என்பது ‘கடவுள்’ ஆகியிருக்கலாம் என்றால், கோடு உதிர்ந்து ‘கடவுள்’ என்பது ‘எவர்’ ஆகியிருக்கவும் முடியாதா? முடியும். மை உதிர்வது நடப்பதுதான். எனவே எந்தத் திசையில் மாற்றம் நடந்தது என்பதைத் தனியாக நிறுவ வேண்டும். இங்கே இலக்கணம் உதவுகிறது. முன்னால் நிற்கும் ‘முஸ்தேரியொன்’ நடுப்பால், ‘ஒஸ்’ ஆண்பால். இரண்டும் பால் பொருந்தாமல் இடிக்கின்றன. கீதத்திலிருந்து எடுத்தாண்ட வரி என்றால் இடிப்பு புரிகிறது, ஆனால் படியெடுப்பவருக்கு அது பிழைபோல் தெரியும். அவர் இரண்டு வழியில் சரிசெய்யலாம். சிக்மாவை விட்டுவிட்டு ‘ஒ’ என்று நடுப்பாலாக்கலாம். கிளாரமோந்தானுஸின் முதல் கை அப்படித்தான் எழுதியிருக்கிறது, பழைய இலத்தீன் மொழிபெயர்ப்புகளும் நடுப்பாலையே காட்டுகின்றன. அல்லது கோடு சேர்த்து ‘கடவுள்’ ஆக்கலாம். ‘ஒஸ்’ஸிலிருந்து இந்த இரண்டு பாடபேதங்களும் எப்படிப் பிறந்தன என்று சொல்ல முடிகிறது. ‘கடவுள்’ என்பதிலிருந்து தொடங்கினால், தெளிவான ஒரு சொல்லை விட்டுவிட்டு ஏன் பலர் இடிக்கிற சொல்லுக்குப் போனார்கள் என்பதற்கு விடை இல்லை. இதோடு, முதல் கையிலேயே ‘கடவுள்’ என்று எழுதிய பெரிய எழுத்துச் சுவடி எதுவும் 8, 9ஆம் நூற்றாண்டுக்கு முன் இல்லை. பழைய மொழிபெயர்ப்புகள் எல்லாம் ‘எவர்’ அல்லது ‘எது’ என்பதையே அடியில் வைத்திருக்கின்றன.

எல்லா இடத்திலும் இப்படித் தெளிவு கிடைப்பதில்லை. திருத்தூதர் பணிகள் 20ஆம் அதிகாரம் 28ஆம் வசனத்தில் சபை ‘கடவுளின்’ சபையா, ‘ஆண்டவரின்’ சபையா என்ற கேள்வி இருக்கிறது. சுருக்கத்தில் ஒன்று தீட்டா உப்சிலான், மற்றொன்று கப்பா உப்சிலான். ஓர் எழுத்துதான் வேறுபாடு. சினாயித்திக்குஸும் வத்திக்கானும் ஒரு பக்கம், அலெக்சாந்திரினுஸ் மறுபக்கம். இந்த மூன்றிலும் மை மாறவில்லை. ஒவ்வொன்றும் தான் எழுதியதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறது. அங்கே கண்ணுக்கு வேலை முடிந்து, நூலாசிரியரின் நடையைப் பற்றிய விவாதம் தொடங்குகிறது. அது இன்னும் முடியவில்லை.

நம் வசனத்தின் கதை தமிழிலும் பதிந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் உருவாகி இன்றும் பெரும்பாலான சீர்திருத்தச் சபைகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பில் இந்த இடத்தில் ‘தேவன்’ என்று இருக்கும். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அந்த எழுவாய் இராது. இரண்டையும் வைத்துப் பார்த்து ஒன்றை மற்றொன்றின் பிழை என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டு மொழிபெயர்ப்பும் தன் முன் இருந்த கிரேக்கத்துக்கு நேர்மையாகவே நடந்திருக்கிறது; முன் இருந்த கிரேக்கம்தான் வேறு.

சினாயித்திக்குஸ் சுவடியின் படங்கள் 2009 முதல் codexsinaiticus.org தளத்தில் முழுதாக, இலவசமாகக் கிடைக்கின்றன. திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தில் 3:16ஐத் தேர்ந்தெடுங்கள். பக்கத்துக்கு நான்கு பத்தி இருக்கும். வலப்புறம் அச்செழுத்தில் பெயர்ப்பும் வரும். முதலில் ஆறு ‘தே’க்களைக் காதால் தேடிப் பிடியுங்கள், முதலாவதற்குச் சற்று முன்னால், மேலே சிறு எழுத்துகளைச் சுமந்துகொண்டு, அந்த ஒமிக்ரானும் சிக்மாவும் நிற்கும். படத்தைப் பெரிதாக்கி வட்டத்துக்குள் பாருங்கள். கோடு இல்லை.